செல்போன் வாத்தியார்

மத்திய அரசு 2017இல் கிராமப்புறங்களுக்கென்று ஒரு டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு கோடி வீடுகளில், வீட்டுக்கு ஒருவருக்குக் கணினி, செல்போன், பணப்பரிமாற்றம் எல்லாம் சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். சேருவதற்கான வயது வரம்பு 14 முதல் 60 வரை. அறுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் 13.6 சதவீதம் என்பது 2021ஆம் ஆண்டுக்கான அரசு மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். உள்ளூரில் இருந்தாலும் "கொடும்மா, நான் பண்ணித் தர்றேன்" என்று போனை வாங்கி, நாலு தட்டுத் தட்டி, வேலையை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நாலு தட்டில் அம்மா எதையும் பார்த்திருக்க மாட்டார்.

இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கே வந்து கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் தொழில் சென்னையில் சத்தமில்லாமல் வளர்ந்துவருகிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். வில்லிவாக்கம், அம்பத்தூர், அண்ணா நகர் பக்கம் போய்வருகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு 500 ரூபாய் வாங்குகிறேன். இலவசமாகச் சொல்லித்தரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அனுபவத்தில் நான் கண்டது வேறு. மகனிடம் ஒரே சந்தேகத்தை மூன்றாவது முறை கேட்கப் பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. காசு கொடுத்து வரவழைத்த ஆளிடம் அந்தக் கூச்சம் இல்லை. "தம்பி, அதை மறுபடியும் முதலேர்ந்து சொல்லு" என்று அதிகாரமாகவே கேட்பார்கள். அந்த அதிகாரத்துக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வில்லிவாக்கத்தில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னால் இந்த வேலை என்னவென்று விளங்கும். வயது 74. பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கி, மின்கட்டணம் எல்லாவற்றையும் கணவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலமானபின் புனேயில் இருக்கும் மகன் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா அதைப் பேச மட்டும் வைத்திருந்தார், அதுவும் பயந்து பயந்து. "தொட்டாலே என்னென்னவோ ஆயிடறது தம்பி. நான் ஒண்ணும் பண்ணலை" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் புகார்.

அவர் சொன்னது உண்மை. தொட்டால் என்னென்னவோ ஆகத்தான் செய்யும். நாம் திரையைச் சட்டென்று தட்டி விரலை எடுத்துவிடுவோம். வயதானவர்கள் காலிங் பெல் அழுத்துவதுபோல அழுத்திப் பிடிப்பார்கள். அரை நொடி தாண்டினால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஐகான் இடம் மாறும், பட்டியல் ஒன்று விரியும், அடுத்த தட்டில் அந்தப் பட்டியலில் எதையாவது தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கு மருந்து இருக்கிறது. Accessibility பகுதியில் Touch & hold delay என்று ஒன்று வரும். அதை Long என்று மாற்றிவிட்டால், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

சிலருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. எத்தனை தட்டினாலும் போன் கேட்காது. திரை, விரலின் மின்னூட்டத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்துபோவதால் அந்த உணர்வு மங்குகிறது. ஈரத்துணியில் விரலை ஒற்றிக்கொண்டு, நகத்தால் குத்தாமல் விரல் சதையால் தொட்டால் சரியாகும். தடிமனான ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடலாம். போனைக் கையில் பிடிக்கும்போது உள்ளங்கை ஓரத்தில் பட்டு, அதுவும் ஒரு தொடுதலாகப் பதிவாகும் என்பதால் முதல் சில வகுப்புகளில் போன் மேஜைமேல்தான் இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு.

இதோடு எழுத்தைப் பெரிதாக்குவேன். திரை அணையும் நேரத்தை 30 நொடியிலிருந்து இரண்டு நிமிடமாக்குவேன், ஏனென்றால் அவர்கள் படித்து முடிப்பதற்குள் திரை இருண்டுவிடுகிறது. முதல் பக்கத்தில் நாலே ஐகான்களை விட்டுவிட்டு மற்றதை அப்புறப்படுத்துவேன். கீழே விரலை இழுத்து வேலை வாங்கும் புது முறையை நிறுத்திவிட்டு, பழைய மூன்று பட்டன்களைக் கொண்டுவருவேன். திரை மொழி தமிழா ஆங்கிலமா என்பதை, போனில் அவர்களுக்கு உதவப்போகும் பிள்ளை எந்த மொழியில் வைத்திருக்கிறாரோ அதைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கே போய்விடும். இது பாடமே இல்லையே, இதற்கா 500 ரூபாய் என்று வீட்டில் இருக்கும் இளையவர்கள் நினைக்கலாம். போனை அவர்கள் கைக்குப் பழக்காமல் அவர்களைப் போனுக்குப் பழக்க முடியாது.

மிச்சமிருக்கும் அரை மணியில் ஒரே ஒரு பாடம். நடுவில் இருக்கும் வட்டப் பட்டன். "அம்மா, எதையாவது கண்டபடி தட்டித் தொலைஞ்சு போங்க. அப்புறம் இந்த வட்டத்தைத் தட்டி வீட்டுக்கு வாங்க" என்பேன். அந்த அம்மா முதலில் தயங்கினார். பிறகு கேமராவுக்குள் போனார், கடிகாரத்துக்குள் போனார், ஏதோ ஒரு விளம்பரத்துக்குள் மாட்டிக்கொண்டார், ஒவ்வொரு முறையும் வட்டத்தைத் தட்டி வெளியே வந்தார். போனைக் கெடுத்துவிட முடியாது என்ற தைரியம் இந்தப் பயிற்சியில்தான் வருகிறது. வாயால் எத்தனை முறை சொன்னாலும் வராது.

அடுத்து நான் எடுப்பது வீடியோ கால். பணம் சம்பந்தப்படாத பாடம் முதலில் இருக்க வேண்டும், தவறினால் நஷ்டமில்லை. கற்றதும் பேத்தியின் முகம் தெரிகிறது என்பதால் பயிற்சிக்கு யாரும் தூண்ட வேண்டியதும் இல்லை.

கூப்பிடுவதைவிட வரும் அழைப்பை எடுப்பதுதான் அவர்களுக்குச் சிரமம். போன் பூட்டியிருக்கும்போது வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால் மேலே ஒரு பட்டை விழும், அதில் தட்ட வேண்டும். ஒரே அழைப்புக்கு இரண்டு வேடம். தள்ள வேண்டிய இடத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்கள், மணி அடித்து ஓய்ந்துவிடும். அந்தப் பக்கம் மகன் "அம்மா எடுக்கலையே" என்று பதறுவார். அதனால் நான் பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுவேன். பூட்டிய போனுக்குச் சில அழைப்பு, திறந்த போனுக்குச் சில அழைப்பு, மாற்றி மாற்றி. ஒரே அறையில் உட்கார்ந்து இதைச் செய்யக் கூடாது. இரண்டு போனும் ஒன்றின் சத்தத்தை ஒன்று வாங்கிக் கீச்சிடும், அவர்கள் பயந்துவிடுவார்கள்.

எடுத்ததும் பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். பேத்திக்குப் பாட்டியின் காது மட்டும் தெரியும். போனைச் சாய்த்து வைக்க ஓர் இடம் ஏற்பாடு செய்துவிட்டால் இது தானாகச் சரியாகிவிடும். அந்த அம்மா வீட்டில் சர்க்கரை டப்பாதான் அந்த இடம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துத் தெரியும் என்பதால், நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டோம். பிள்ளைகள் துபாய், அபுதாபியில் இருக்கும் வீடுகளில் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கிருப்பவர்கள் எந்தச் செயலியில் பேசுகிறார்களோ அதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

வீடியோ கால் எடுக்கத் தெரிந்துகொண்ட அன்றைக்கே, எடுக்கக் கூடாத வீடியோ காலையும் சொல்லித்தந்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. போலீஸ் உடையில் திரையில் தோன்றி, "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் பிடிபட்டிருக்கு, நீங்க டிஜிட்டல் கைதில் இருக்கீங்க, கேமரா முன்னாலேர்ந்து எழுந்திருக்கக் கூடாது" என்று மணிக்கணக்கில் மிரட்டிச் சேமிப்பைப் பிடுங்கும் கூட்டம் குறிவைப்பது தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. வீடியோ கால் எடுக்கத் தெரியாத வரை அந்த அம்மாவை இந்தக் கூட்டம் நெருங்கியிருக்க முடியாது. கதவைத் திறந்துவிட்டவன் நான், தாழ்ப்பாளையும் நான்தான் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Calls என்று போனால் Silence unknown callers என்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் சேமித்து வைக்காத எண்களிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புக்கு மணியே அடிக்காது, பட்டியலில் மட்டும் பதிவாகும். பிள்ளைகள், சொந்தபந்தம், டாக்டர் எண்களையெல்லாம் முதலில் சேமித்துவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

பணப்பரிமாற்றம் தொடங்கும்போது முதல் தடை போனில் வராது, வங்கியில் வரும். யுபிஐ பதிவு செய்யும்போது, வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணின் சிம் அந்தப் போனில் இருக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போகும், அதை வைத்துத்தான் கணக்கைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த அம்மாவின் பென்ஷன் கணக்கில் இருந்ததோ மகனின் எண். பல வீடுகளில் இதுதான் நிலை. எந்தக் காலத்திலோ "என் நம்பரையே கொடுத்துடும்மா" என்று மகன் சொல்லியிருப்பார். பதிவு நடக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் இன்னும் எளிது. போனில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், எஸ்எம்எஸ் போகாது. இரண்டு சிம் இருந்தால் தவறான சிம்மைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். "செயலி சரியில்லை" என்று மூன்று முறை அழித்து நிறுவுவதற்குமுன் இவற்றைப் பார்த்தால் போதும்.

எண்ணை மாற்றக் கிளைக்குப் போவதற்குமுன் நான் ஒரு விஷயத்தைச் சொல்வேன். பென்ஷன் கணக்கை யுபிஐயில் இணைக்கவே வேண்டாம். இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் கணக்கிலிருந்து மாதம் ஒரு தொகை அதற்குப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதிக்கொடுத்துவிடுங்கள். அந்த அம்மா மாதம் 5,000 என்று வைத்தார். மளிகை, மருந்து, கேஸ், மின்கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கியது. யாராவது ஏமாற்றினாலும் போவது அந்தக் கணக்கில் இருப்பதுதான். வாழ்நாள் சேமிப்பு தொடப்படாது. இந்த ஒரு ஏற்பாடு, நான் கொடுக்கும் எச்சரிக்கைகள் அத்தனையையும்விட மேலானது என்பது என் உறுதியான கருத்து. எச்சரிக்கையைப் பதற்றத்தில் மறந்துவிடலாம். இருப்பில் இல்லாத பணத்தை யாராலும் எடுக்க முடியாது.

கணக்கு இணைந்ததும் யுபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் கேட்கும். கார்டு இல்லாதவர்களுக்கு ஆதார் ஓடிபி வழி உண்டு, ஆனால் ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பின் நாலு அல்லது ஆறு இலக்கம். அவர்கள் அதைப் போடும்போது நான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொள்வேன். கண்ணைத் திருப்பிக்கொள்வது போதாது, எழுந்து போக வேண்டும். அப்போதுதான் "பின் போடும்போது யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது" என்பது அவர்களுக்குப் பழக்கமாகும். பதிவான முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் ஏதோ பழுது என்று நினைப்பார்கள்.

இங்கே எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று. செயலியைத் திறக்கப் போன் பூட்டின் எண், பணம் அனுப்ப யுபிஐ பின், ஏடிஎம்மில் வேறு பின். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போடுவார்கள். மூன்று முறை தவறினால் பெரும்பாலான வங்கிகள் ஒரு நாளைக்கு நிறுத்திவைக்கும். யுபிஐ பின் கேட்கும் திரையில் மேலே வங்கியின் பெயர் இருக்கும். "வங்கி பேர் தெரிஞ்சா வங்கி பின்" என்று அந்த அம்மா தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நோட்டு கட்டாயம். அச்சடித்த தாளை நான் கொடுப்பதில்லை. அவர்கள் கையெழுத்தில், அவர்கள் சொல்லில், அவர்களே வரைந்த ஐகான்களோடு இருந்தால்தான் ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக இருக்கும்போது உதவும். பின்களை மட்டும் அதில் எழுதவிட மாட்டேன்.

முதலில் மகனுக்கு ஒரு ரூபாய். எனக்கு அனுப்பச் சொல்வதில்லை. வாத்தியார் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. பிறகு தெருமுனைக் காய்கறிக் கடை. கூட்டம் இல்லாத மதிய வேளையில் போவோம். பின்னால் நாலு பேர் நின்றால் கை நடுங்கும், எண் தவறும். அந்த அம்மா ஸ்கேன் செய்தார். திரையில் கடைப் பெயர் வராமல் ஓர் ஆளின் பெயர் வந்தது. "இது யாருன்னு தெரியலையே" என்று நின்றுவிட்டார். கடைக்காரரிடமே கேட்கச் சொன்னேன். "என் சம்சாரம் பேர்தான்மா" என்றார் அவர். பெயரை வாய்விட்டுப் படித்துக் கேட்பது, தொகையை வாய்விட்டுச் சொல்வது, பிறகுதான் பின். 45 ரூபாய்க்கு 450 என்று அடித்துவிடும் தவறு வாய்விட்டுச் சொல்லும்போதுதான் பிடிபடும்.

அன்றைக்கு நல்ல பாடமாக ஒன்று நடந்தது. பின் போட்டபின் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் "மறுபடி அடிங்கம்மா" என்றார். அங்கேதான் இரண்டு முறை பணம் போகும். சுற்றினால் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். பிறகு செயலியின் பட்டியலில் அந்தக் கணக்கு "முடிந்தது" என்று இருக்கிறதா, "நிலுவை" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலுவை என்றால் கையில் இருக்கும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கணக்கில் பிடித்த பணம் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி ஈடு தர வேண்டும். அதனால்தான் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஸ்கேன் செய்யப் போகும்போதும் சுருக்குப்பையில் ரொக்கம் இருக்கட்டும் என்கிறேன்.

யுபிஐ பின்னைப் பற்றி நான் மனப்பாடம் செய்யவைக்கும் வாசகம் ஒன்றுதான். பின் போட்டால் பணம் போகும், பணம் வருவதற்குப் பின் வேண்டாம். இருப்பு பார்க்கவும் பின் கேட்கும் என்பது மட்டும் விதிவிலக்கு. "உங்களுக்கு கேஷ்பேக் வந்திருக்கு, வாங்கிக்கப் பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் இந்த வாசகத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பின் இல்லாமலே சிறு தொகைகளைக் கட்டும் யுபிஐ லைட் வசதி சுலபமானதுதான். ஆனாலும் புதிதாகக் கற்பவர்களுக்கு அதை நான் இயக்கித் தருவதில்லை. பின் இல்லாமலும் பணம் போகும் என்று ஆகிவிட்டால் மனதில் பதிந்த விதி குழம்பிவிடும்.

ஏமாற்று அழைப்பை விளக்கிச் சொல்வதைவிட நடித்துக்காட்டுவது பலன் தரும். "அடுத்த வாரம் ஒரு நாள் நானே வேற நம்பர்லேர்ந்து ஏமாத்துக்காரன் மாதிரிக் கூப்பிடுவேன்" என்று முன்னாலேயே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்வேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "மின்வாரியத்திலேர்ந்து பேசறோம். போன மாசம் பில் அப்டேட் ஆகலை. ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் கட் ஆயிடும். இப்ப ஒரு ஃபைல் அனுப்பறேன், இன்ஸ்டால் பண்ணுங்க" என்றேன். "கட்டிட்டேனே தம்பி, ரசீது இருக்கே" என்று அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். என் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் அதைப் பற்றிப் பேசினோம். அவர் ஆசிரியை. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர். பெரியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது பேராசையால் இல்லை. பாதியில் போனை வைப்பதற்கு மனம் வராததால்தான். "போனை வைக்கறது மரியாதைக் குறைவு இல்லைம்மா" என்று சொல்லி, பேச்சின் நடுவில் துண்டிப்பதையே ஒரு பயிற்சியாகச் செய்தோம். அடுத்த முறை நான் கூப்பிட்டபோது இரண்டாவது வாக்கியத்தில் துண்டித்தார்.

அந்த "ஃபைல்" என்னவென்றும் காட்டிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும், பெயரின் கடைசியில் .apk என்று இருக்கும். நிறுவினால் போனில் வரும் எஸ்எம்எஸ்களை, ஓடிபி உட்பட, திருடனால் படிக்க முடியும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், .apk ஆக வராது. பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்வேன். அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, செயலியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். திருடன் எடுத்துவிடுவதற்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே மகனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தயங்குவதுதான் பெரிய இழப்பு. பிள்ளைகளிடம் நான் தனியாகக் கேட்டுக்கொள்வது இதைத்தான். அம்மா ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்.

இப்படிச் சொல்லித்தர ஒருவரை வீட்டுக்குள் விடுவதே ஓர் ஆபத்துதான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கும் போனும் திறந்திருக்கும் மேஜையில் முன்பின் தெரியாத ஆள் உட்காருகிறார். முதல் வருகையில் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். வருபவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். பின் போடும்போது எழுந்து போகாதவர், போனைத் தன் கையில் வாங்கி வேலை செய்பவர், "இருங்க, தூரத்திலேர்ந்தே சரிபண்ணித் தர்றேன்" என்று திரையைப் பார்க்கும் செயலி எதையாவது நிறுவச் சொல்பவர், கார்டைப் படம் எடுப்பவர் யாராக இருந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள். நல்ல வாத்தியாரின் கை பெரும்பாலும் மடியில்தான் இருக்கும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மறதி தொடங்கியவர்களுக்குப் பின்னும் பாஸ்வேர்டும் சுமை. அவர்களிடம் யுபிஐயைத் திணிப்பது தவறு. அப்படிப்பட்ட வீடுகளில் 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் ஏற்பாட்டை மகனிடம் சொல்வேன். கணக்கு மகனுடையது, கடையில் ஸ்கேன் செய்பவர் அப்பா. ஒவ்வொரு தொகைக்கும் மகனின் போனுக்குக் கேள்வி போய், அவர் பின் போட்டால் மட்டும் பணம் நகரும்படி வைக்கலாம். அல்லது ஒரு முறைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 என்ற உச்சவரம்புக்குள் அப்பாவே செலவழிக்கும்படியும் விடலாம். இரண்டாவது வகையில் மகனை எதிர்பார்த்து மருந்துக்கடையில் நிற்க வேண்டியதில்லை. இதுவும் வேண்டாம், ரொக்கமே போதும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வீடியோ காலை மட்டும் கற்றுக்கொண்டு நிறுத்தியவர்களும் என் மாணவர்களில் உண்டு.

அந்த அம்மா இப்போது தனியாகவே மருந்துக்கடைக்குப் போய்வருகிறார். மாதம் ஒருமுறை நான் போகிறேன். செயலிகள் புதுப்பிக்கப்படும்போது பட்டன்கள் இடம் மாறிவிடும், நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருக்கும். நவம்பரில் அவருடைய ஆயுள் சான்றிதழை முகத்தைக் காட்டியே போனில் கொடுக்க முடியுமா என்று சேர்ந்து பார்க்கப் போகிறோம். போன வாரம் மகன், அம்மாவின் பிறந்தநாளுக்குப் புதிதாக ஒரு போன் வாங்கி அனுப்பப்போவதாகச் சொன்னார். வேறு கம்பெனிப் போன். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கட்டாயம் என்றால் அதே கம்பெனியில் வாங்குங்கள், தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள், பழைய போனை ஒரு மாதம் எடுத்துப்போகாதீர்கள், சிம்மை மாற்றுவதற்குமுன் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். சிம் புதுப் போனுக்கு மாறினால் யுபிஐயை அங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும். அழுத்தும் நேரம், எழுத்தின் அளவு, நாலு ஐகான், வட்டப் பட்டன் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். அவர் யோசித்துவிட்டு, புதுப் போனுக்குப் பதில் பழையதற்கே ஒரு நல்ல ஸ்டாண்டும் புது பேட்டரியும் போடச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறார்.